கீசர் கையேட்டைத் தமிழாக்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

கானாடுகாத்தானில் எங்கள் பங்காளிகளுக்குப் பொதுவான வீடு இருக்கிறது. படைப்புக்கு ஆள் கூடும் என்று இரண்டாங்கட்டுக் குளியலறையில் புதுக் கீசர் மாட்டினோம். கையேடு ஆங்கிலத்தில் மட்டும் இருந்ததால், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்காகப் பக்கங்களை போட்டோ எடுத்து, காரைக்குடியில் ஒரு டிடிபி கடையில் காசு கொடுத்துத் தமிழாக்கினோம். வந்த தாளை நம்பியதில் கீசரின் சூடேற்றும் காயில் கருகியது. அதைவிடப் பெரிய விபத்து நூலிழையில் தப்பியது.

கையேட்டில் ஆறு படிகள், இரண்டு பத்தியாக இருந்தன. இடப்பக்கம்: 1. தண்ணீர் உள்ளே வரும் வால்வைத் திற. 2. சுடுதண்ணீர்க் குழாயைத் திற. 3. காற்று போய்த் தண்ணீர் சீராக வரும்வரை காத்திரு. வலப்பக்கம்: 4. குழாயை மூடு. 5. சுவிட்சைப் போடு. 6. வெப்பத்தை அமை. கடையில் போட்டோவிலிருந்து எழுத்தை எடுக்கும் மென்பொருள் பத்தியைக் கவனிக்காமல் குறுக்கே படித்து 1, 4, 2, 5, 3, 6 என்று கொடுத்திருக்கிறது. அவர்கள் அதைத் திருத்தாமல், மேலிருந்து கீழாக ஒன்று முதல் ஆறு என்று புது எண் போட்டுவிட்டார்கள். சுவிட்சு நாலாவது, தண்ணீருக்குக் காத்திருப்பது ஐந்தாவது! தொட்டி நிறையாமல் சூடேறினால் காயில் தாங்காது. பழைய எண்களை அப்படியே விட்டிருந்தால்கூட வரிசை குழம்பியது பார்த்த உடனே தெரிந்திருக்கும்.

குறிகளில் நடந்தது இன்னும் மோசம். சேஃப்டி வால்வின் வெளிவாய்ப் படத்தின் மேல் சிவப்பு வட்டமும் குறுக்குக் கோடும் இருந்தன. செய்யாதே என்று சொன்னது அந்தக் குறி மட்டும்தான்; பக்கத்தில் இருந்த எழுத்து ‘வெளிவாயை அடைத்தல்’ என்ற பொருளில் வெறும் தலைப்பு. கடைக்காரர் படத்தை எடுத்துவிட்டு எழுத்தை மட்டும் தந்தார். காயில் மாற்றியபின் தண்ணீர் சூடாகும்போது அங்கே சொட்டியிருக்கிறது, அது இயல்புதான். அக்கா தாளைப் பார்த்துவிட்டு, “தம்பி, அடைக்கணும்னு போட்டிருக்கே, துணி வச்சு அடைச்சிரவா?” என்று போனில் கேட்டதால் பிழைத்தோம். அடைத்திருந்தால் அழுத்தம் வெளியேற வழியில்லாமல் தொட்டியே வெடித்திருக்கலாம்.

ஐந்தாம் படிக்குப் பக்கத்தில் இருந்த மின்னல் முக்கோணம், அதாவது ஷாக் அபாயக் குறி, தாளில் எங்குமே இல்லை. கடைசியில் ‘கவனமாகக் கையாளவும்’ என்று ஒரு வரி. கையை சுவிட்சில் வைக்கும் இடத்தில் வேண்டிய எச்சரிக்கை கடைசி வரியில் இருந்து யாருக்குப் பயன்?

கடையில் கேட்டதற்கு, “எழுத்தை மட்டும்தானே சார் கேட்டீங்க” என்றார்கள். காசும் திரும்பவில்லை.

கொடுப்பதாக இருந்தால் ஒவ்வொரு பத்தியையும் தனித்தனி போட்டோவாக எடுத்துக் கொடுங்கள். மூல எண்ணை மாற்றக் கூடாது, குறியை அதே படிக்குப் பக்கத்தில் படமாகவே ஒட்ட வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தாள் வந்ததும் மூலத்தில் எத்தனை முக்கோணம், எத்தனை சிவப்பு வட்டம் என்று எண்ணி ஒப்பிடுங்கள். இதற்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. ஒன்று குறைந்தாலும் காசு கொடுக்காதீர்கள்.