தேர் வீடியோ வர்ணனை: முழுக்கப் பேசுவதா, விட்டுவிட்டுப் பேசுவதா?

புதுச்சேரி வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தை 3 நிமிட வீடியோவாக்கினால், முழுக்கப் பேசுவதற்கு ஏறக்குறைய 270 சொல் வேண்டும். தல வரலாறெல்லாம் அடங்கிவிடும். ஆனால் நாயனமும் வடம் இழுப்பவர்களின் குரலும் அமுங்கிப்போகும். வெளிநாட்டுச் சொந்தங்கள் கேட்க ஏங்குவதே அதைத்தான்.

விட்டுவிட்டுப் பேசினால் 120 சொல் போதும். தேர் அசைவதற்குச் சற்று முன்பே, "துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கிறார், பிரெஞ்சு ஆட்சிக்கால வழக்கம் இது" என்று முடித்துவிட்டு, 20 விநாடி அந்த ஒலியை அப்படியே விடுங்கள். கண்ணுக்குத் தெரிவதைத் திரும்பச் சொல்ல வேண்டாம். வெளிநாட்டிலேயே பிறந்த பிள்ளைகளுக்கு முட்டுக்கட்டை என்றால் புரியாது. தேரை நிறுத்தவும் திருப்பவும் சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் மரக்கட்டை என்று ஒரே வரியில் சொல்லுங்கள். தல வரலாற்றைத் தனி ஆடியோவாக அனுப்பலாம்.