இதழ் ஆறு, இழப்பு அரை மாதச் சம்பளம்

கை எம்பிராய்டரி வேலைகளை ஆர்டரின் பேரில் செய்து தரும் ஓர் இணையக் கடையிடம் என் அரை மாதச் சம்பளத்தை இழந்துவிட்டேன். நேற்று இரவு வந்த அவர்களுடைய கடைசிப் பதிலைப் படித்த பிறகு தூக்கம் பிடிக்கவில்லை. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நான் கேட்டது, உருவங்கள் துணிக்கு மேலே புடைத்து நிற்கும் ஸ்டம்ப்வொர்க் எம்பிராய்டரி முறையில் ஆறு இதழ்கள் கொண்ட ஒரு மலர். கீழ்வரிசை இதழ்கள் மூன்றும் துணியோடு சேர்ந்தே இருக்க வேண்டும். ஃபெல்ட் எனும் தடித்த கம்பளித் துணியின் துண்டுகளைச் சிறியதன்மேல் பெரியதாக அடுக்கித் தைத்து மேடாக்கி, அதைச் சுற்றிப் பின்தையல் போட்டு, அந்தப் பின்தையலில் மட்டும் நூலை மாட்டி, வரிசை வரிசையாகக் காஜாத் தையலால் மேட்டை மூட வேண்டும். இடையில் ஊசி துணிக்குள் இறங்கவே கூடாது. ஒரு வரிசையின் கண்ணிகள் முந்தைய வரிசையின் கண்ணிகளில்தான் தொங்க வேண்டும். மேல்வரிசை இதழ்கள் மூன்றும் இதே தையலில், ஆனால் அடியில் துணியே இல்லாமல், கம்பிச் சட்டத்துக்குள் தனியாகப் பின்னப்பட்டு, கம்பியின் இரு வால்களும் துணியின் பின்புறம் இறக்கித் தைக்கப்பட வேண்டியவை.

நான் அவர்களை நம்பியதற்குக் காரணம் அவர்கள் அனுப்பிய ஒரு சிறு காணொளி. அதில் முனை மழுங்கிய ஊசி ஒன்று கண்ணிகளுக்கு அடியிலும் ஃபெல்ட்டுக்கு மேலுமாக ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் தடையில்லாமல் வெளியே வந்தது; கண்ணிகள் நடுவில் எங்கும் துணியோடு தைக்கப்படவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் நூலைக் குறுக்கே நேராகக் கொண்டுபோய், அடுத்த வரிசையின் கண்ணிகளில் அதையும் சேர்த்துப் பிடித்திருந்ததும் தெளிவாகத் தெரிந்தது. அந்தக் குறுக்கு நூல் இல்லாவிட்டால் வலை நடுவில் ஒடுங்கி இதழின் வடிவமே கெட்டுவிடும். அந்த நுணுக்கத்தை அறிந்தவர்கள் ஏமாற்றமாட்டார்கள் என்று நினைத்து, அரை மாதச் சம்பளத்தை ஒரே தவணையில் அனுப்பினேன். அது யாருடைய கைவேலை என்று கேட்கத் தோன்றவில்லை.

வந்து சேர்ந்த மலர் முதல் பார்வைக்கு அழகாகவே இருந்தது. மூன்றாம் வாரத்தில் மேலிதழ்களின் வெளிர் இளஞ்சிவப்பு ஓரத்தில் பழுப்புக் கறை தெரிந்தது. இதழை லேசாக வளைத்தபோது ஓரத்திலிருந்து துணி இழைகள் பிரிந்து நின்றன. துணியே இல்லாத வேலையில் துணி இழை எங்கிருந்து வரும்? வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். கண்ணிகளுக்கிடையே ஒளிப்புள்ளி ஒன்றுகூட இல்லை. மெஷினில் இடைவெளியே இல்லாமல் நெருக்கமாகச் சாட்டின் தையல் போட்ட துணியை இதழ் வடிவில் வெட்டி, எதுவும் சுற்றாத வெறும் இரும்புக் கம்பியில் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். காகிதமோ நூலோ சுற்றிய, துருப்பிடிக்காத கம்பியாக இருந்திருந்தால் கறையாவது படிந்திருக்காது. கீழிதழ்களில் காணொளியில் பார்த்தது போன்ற மழுங்கிய ஊசியைச் செருகிப் பார்த்தேன். ஒரு நூலிழை அளவுகூட நுழையவில்லை. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது, ஏனென்றால் உள்ளே இருந்தது அடுக்கிய ஃபெல்ட் அல்ல, பசையில் தோய்த்த பஞ்சு.

புகைப்படங்களோடு எழுதினேன். “கைவேலை என்றால் சிறு குறைகள் இருக்கத்தான் செய்யும்” என்று முதல் பதில் வந்தது. மெஷின் வேலைக்கு இப்படி ஒரு சமாதானம்! இரண்டாவது பதிலில் ஈரமான இடத்தில் வைத்தது என் தவறு என்றார்கள். மூன்றாவதில், நான் இதழை வளைத்ததால் அவர்களுக்குப் பொறுப்பில்லை என்றார்கள். வளைத்து உருவம் கொடுப்பதற்குத்தானே இதழுக்குள் கம்பி வைக்கிறார்கள்? ஊசி ஏன் நுழையவில்லை என்ற கேள்விக்கு மட்டும் எதிலும் பதில் இல்லை. நேற்று வந்தது ஒற்றை வரி: “ஆர்டரின் பேரில் செய்த பொருளுக்குப் பணம் திருப்பித் தரப்படாது.” அரை மாதச் சம்பளம் போய்விட்டது.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றை விரிவாக எழுத நினைத்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. காணொளி கேட்டால், உங்களுக்காகச் செய்துகொண்டிருக்கும் அதே இதழில், ஃபெல்ட் பாதி மூடிய நிலையில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். முடிந்த வேலையின் காணொளியை யாரிடமிருந்து வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மேலிதழைத் துணியில் பொருத்துவதற்கு முன் அதன் பின்புறத்தைக் காட்டச் சொல்லுங்கள். கம்பியில் என்ன சுற்றியிருக்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள். பொருள் வந்த அன்றே ஊசியைச் செருகிப் பாருங்கள், என்னைப்போல மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ரசித்துக்கொண்டிருக்காதீர்கள்.