மோட்டாருக்குப் போகும் வழியில் ஒரு பைட் தொலைந்தால்: மூன்று ஃபிரேம் முறைகள்

ராஸ்பெர்ரி பையிலிருந்து ஆர்டுயினோவுக்கு 115200 பாட் வேகத்தில், நொடிக்கு 50 முறை ஒரு கட்டளை போகிறது: திசை 0, இடது மோட்டார் 170, வலது மோட்டார் 3. அதையே மூன்று விதமாக அனுப்பலாம்.

```
0,170,3*35\n
AA 03 00 AA 03 0E 4A
01 05 AA 03 0E 4A 00
```

முதலாவது எழுத்து வரி. சீரியல் மானிட்டரில் கண்ணாலேயே படிக்கலாம் என்பதால் மேசைச் சோதனைக்கு இதுவே வசதி. 35 என்பது எக்ஸ்ஓஆர் செக்சம். அதுதான் இதன் பலவீனம். மோட்டார் இரைச்சலில் 1, 7 ஆகிய இரண்டு எழுத்துகளிலும் கடைசி பிட் புரண்டால் 170 என்பது 060 ஆகிவிடும், செக்சம் அப்போதும் 35 தான். இரண்டு பைட் நீளமுள்ள சிஆர்சி-16 என்ற வலுவான செக்சம் இந்த இரண்டு பிட் பிழையைத் தவறாமல் பிடிக்கும்.

இரண்டாவதில் தொடக்க பைட் AA, நீளம் 03, தரவு, பிறகு சிஆர்சி. பலரும் எழுதுவது இதைத்தான். ஆனால் 170 என்பதும் பதினாறடிமானத்தில் AA தான். முதல் AA தொலைந்தால் பெறும் நிரல் தரவிலுள்ள AA-வைத் தொடக்கமாகவும், அடுத்த 3-ஐ நீளமாகவும் எடுத்துக்கொள்ளும். ஏழு பைட் படித்ததும் சிஆர்சி தவறும். மொத்தத்தையும் தூக்கிப்போட்டுவிட்டு அடுத்த பைட்டுக்குப் போனால், அங்கே மறுபடியும் அதே பொய்யான AA 03 காத்திருக்கும். கட்டளை மாறாதவரை இந்தப் பூட்டு விடாது. ஒரு ஃபிரேம்கூட ஏற்கப்படாது. நீளத்துக்கு உச்சவரம்பு வைத்தாலும் பயனில்லை, 3 சரியான நீளம்தானே. சிஆர்சி தவறும்போது, பொய்யான AA-வுக்கு அடுத்த பைட்டிலிருந்தே பஃபரைத் திரும்பத் தேட வேண்டும்.

மூன்றாவது கோப்ஸ் என்ற குறியாக்க முறை. முதல் 00 எத்தனை பைட் தள்ளி வரும் என்ற எண்ணை முன்னால் சேர்த்து, தரவில் இருக்கும் ஒவ்வொரு 00-வையும் நீக்கி, அதன் இடத்தில் அடுத்த 00 எத்தனை பைட் தள்ளி வரும் என்ற எண்ணை வைக்கிறது. அதனால் 00 ஃபிரேமின் முடிவில் மட்டுமே வரும். இங்கும் அதே ஏழு பைட்தான். நடுவில் ஒரு பைட் போனால் அந்த ஃபிரேம் மட்டும் வீண். 00-வே போனால் இரண்டு ஃபிரேம் ஒட்டிக்கொண்டு இரண்டும் வீணாகும். அடுத்த 00-வில் நிரல் தானாகச் சரியாகிவிடும். ஓடும் மோட்டாருக்கு இதையே பரிந்துரைப்போம். எதைத் தேர்ந்தாலும், 200 மில்லிநொடிக்குள் நல்ல ஃபிரேம் வராவிட்டால் ஆர்டுயினோ மோட்டாரை நிறுத்த வேண்டும்.

இரு பக்கமும் ஒரே சிஆர்சி வகைதானா என்று முதலில் பாருங்கள். மேலே உள்ளது 0x1021 பல்லுறுப்புக்கோவை, தொடக்க மதிப்பு 0xFFFF; `123456789` என்ற சரத்துக்கு 0x29B1 வர வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் வேகம் 10 ஆகும்போது மட்டும் சிஆர்சி தவறுகிறதா? 10 என்பது பதினாறடிமானத்தில் 0A, அதாவது புதுவரிக் குறி; லினக்ஸ் டெர்மினல் அமைப்பு அதை 0D 0A என்று மாற்றி அனுப்புகிறது. பைசீரியல் இதைத் தானே அணைத்துவிடும். சி நிரலில் போர்ட்டை வெறுமனே திறந்தால் அணையாது; இந்தக் கட்டளையால் அணைக்கலாம்:

```
stty -F /dev/serial0 115200 raw -echo
```