டிரேக்கிங் நம்பர் வந்தது, சேலை கிளம்பவில்லை

டிராப் ஷிப்பிங்கில் சேலை விற்பவர்கள், தீபாவளி ஆர்டர் எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் இன்ஸ்டாகிராமில் ஆர்டர் எடுப்பேன். சூரத்தில் உள்ள ஒரு சப்ளையர் என் கடைப் பெயரில் நேராக வாடிக்கையாளருக்கு அனுப்புவார். அவருடைய ஆப் வாலட்டில் முன்பணம் போட்டு வைக்க வேண்டும். கூரியரோடு சேர்த்து ஒரு சேலைக்கு 700 ரூபாய் கழிப்பார்கள், நான் 899க்கு விற்பேன்.

தீபாவளி நெருக்கத்தில் ஒரு பச்சை சாஃப்ட் சில்க்குக்கு நிறைய ஆர்டர் வந்தது. ஆப்பில் ஸ்டாக் இருப்பதாகவே காட்டியது. ஒவ்வொரு ஆர்டருக்கும் அன்றே டிரேக்கிங் நம்பரும் வந்தது. ஆனால் கூரியர் தளத்தில் பார்த்தால் Manifested என்பதைத் தாண்டவில்லை. லேபிள் அச்சாகிவிட்டது, பார்சலை கூரியர்காரர் இன்னும் வாங்கவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். சப்ளையரிடம் கேட்டபோதெல்லாம் "நாளைக்குப் போயிடும் மேடம்" என்றார்கள். கடைசியில் அவர்கள் ஆளே ஒத்துக்கொண்டார்: ஒரே கேட்லாக் எங்களைப் போன்ற பலரிடம் இருக்கிறது, ஆப்பில் உள்ள எண்ணிக்கையை எப்போதாவதுதான் திருத்துவார்கள், ஆர்டரைப் பிடித்து வைக்க லேபிள் போட்டுவிட்டு அப்புறம்தான் மார்க்கெட்டில் சரக்கு தேடுவார்கள்.

அதற்குள் மார்க்கெட்டே மூடிவிட்டது. சூரத் ஜவுளிச் சந்தை தீபாவளிக்கு மூடினால், ஐந்தாறு நாள் கழித்து வரும் லாப பஞ்சமியை ஒட்டித்தான் திறக்கும். வேலையாட்கள் உத்தரப்பிரதேசம், பீகார், ஒடிசா என்று ஊருக்குப் போயிருப்பார்கள், திறந்தாலும் வேலை சூடுபிடிக்க நாளாகும். மகளின் தலைதீபாவளிக்காகப் பணம் கட்டிய ஓர் அம்மா என்னிடம் போனில் அழுதார். சிலருக்குக் கேட்காமலே பச்சைக்குப் பதில் ரோஸ் போயிருந்தது.

எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பேமெண்ட் கேட்வே எடுத்த 2 சதவீதமும் அதற்கான ஜிஎஸ்டியும் திரும்பி வராது, 899க்கு 21 ரூபாய் போச்சு. சப்ளையரோ வாலட்டில்தான் வரவு வைப்பேன், வங்கிக்கு அனுப்ப மாட்டேன் என்கிறார்.

சொன்ன தேதிக்குப் பிறகு பொருள் போனால் விற்றவர் பணத்தைத் திருப்ப மறுக்கக் கூடாது என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. வாடிக்கையாளருக்கு விற்றவர் நாம்தான். ஆனால் நாம் மறுவிற்பனைக்கு வாங்குவதால் சட்டப்படி நுகர்வோர் இல்லை. அதனால் சப்ளையர்மீது நுகர்வோர் நீதிமன்றம் போகவும் வழியில்லை. இந்த ஏற்பாட்டில் எனக்குப் பெரிய அநியாயமாகப் படுவது இதுதான்.

புது சப்ளையர் என்றால் முதலில் உங்கள் முகவரிக்கே ஒன்று வாங்குங்கள். லேபிள் போட்ட நேரத்துக்கும் கூரியரின் முதல் ஸ்கேனுக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். அப்புறம் வாலட்டில் சிறு தொகை போட்டு, அதை வங்கிக்குத் திருப்பிக் கேளுங்கள். வரவில்லை என்றால் மேற்கொண்டு ஒரு ரூபாயும் போடாதீர்கள்.