நேர்முகத் தேர்வுச் செயல்பாடு: கதை வாசிப்பா, பொருள்களைப் பிரித்தலா?

பாலர் வகுப்பு உதவி ஆசிரியர் நேர்முகத் தேர்வில் 10 நிமிடச் செயல்பாடு ஒன்றை நடத்தச் சொன்னால், கதை வாசிப்பு உங்கள் குரலையும் முகபாவத்தையும் நன்றாகக் காட்டும். ஆனால் பிள்ளைகள் பெரும்பாலும் கேட்டுக்கொண்டே இருப்பதால், அவர்களுக்கு நீங்கள் ஈடுகொடுக்கும் விதம் தேர்வாளருக்கு அவ்வளவாகத் தெரியாது. வாயில் போட முடியாத பெரிய மரக்கட்டைகளை நிறவாரியாகப் பிரிக்கச் சொன்னாலோ, ஒரு பிள்ளை அவற்றை அளவுவாரியாக அடுக்கத் தொடங்கலாம். உடனே திருத்தாமல், “எப்படிப் பிரித்தாய், சொல்லேன்” என்று கேட்பதில்தான் உங்கள் திறன் வெளிப்படும் என்பதால், நான் இதையே தேர்வேன். கூச்சம் மிகுந்த குழுவுக்குக் கதையே பொருத்தம்.

பெற்றோரை எப்படி எதிர்கொள்வீர்கள் என்ற கேள்விக்கும், பிள்ளை செய்வதை இப்படிக் கவனிப்பது கைகொடுக்கும். “என் மகளுக்கு நிறம் தெரியவில்லையா?” என்று ஒரு தாய் கேட்டால் என்ன செய்வீர்கள் எனத் தேர்வாளர் வினவினால், கண்டதை மட்டும் கூறி, மதிப்பீட்டை வகுப்பாசிரியரிடம் விடுவதாகப் பதிலளியுங்கள்.