சேர்த்துக் கட்டுவதா, ஒருவரை முதலில் அமர்த்துவதா?

வட்ட மேசையைச் சுற்றி ஆறு பேர் அமர வேண்டும். அவர்களில் மீனாவும் கண்ணனும் அடுத்தடுத்து இருந்தே ஆக வேண்டும். நாற்காலிகளுக்கு எண் கிடையாது. எல்லோரும் ஒரே திசையில் ஓர் இடம் நகர்ந்தால் அது புதிய அமர்வு ஆகாது. எத்தனை விதமாக அமரலாம்?

பள்ளியில் பெரும்பாலும் கற்றுத்தரும் வழி, இருவரையும் ஒரே ஆளாகக் கட்டிவிடுவது. இப்போது மேசையில் ஐந்து அலகுகள். வட்டத்தில் ஐந்து அலகுகளை 4! = 24 விதமாக அமர்த்தலாம். கட்டுக்குள் மீனாவின் இடப்புறமோ வலப்புறமோ கண்ணன் இருக்கலாம் என்பதால் 24 × 2 = 48. இங்கே வழக்கமாக நேரும் பிழைகள் இரண்டு: கடைசி 2-ஐ மறப்பது, அல்லது மேசை வட்டம் என்பதை மறந்து 5! போடுவது. இரண்டாவது பிழையில் 240 வரும். கட்டுப்பாடே இல்லாவிட்டாலும் மொத்தம் 5! = 120 தான் என்பதை நினைத்தால் அந்தப் பிழை உடனே பிடிபடும்.

மற்றொரு வழியில் மீனாவை முதலில் ஏதாவது ஒரு நாற்காலியில் அமர்த்திவிடுகிறோம். வட்டத்தில் எல்லா நாற்காலிகளும் ஒன்றுதான் என்பதால் இதற்கு ஒரே வழி. அவர் அமர்ந்த கணமே மற்ற ஐந்து நாற்காலிகளும் தனித்தனியாக அடையாளம் பெற்றுவிடுகின்றன. இனிச் சுழற்சியைப் பற்றிக் கவலையில்லை. கண்ணனுக்கு 2 இடங்கள், மீதி நால்வருக்கு 24 விதம். அதே 48.

விடை ஒன்றானாலும் எனக்கு இரண்டாவது வழியே பிடிக்கும். கேள்வியைச் சற்று மாற்றினால் அதன் வலிமை தெரியும். இருவரும் நேரெதிரே அமர வேண்டும் என்றால் கட்டுவதற்கு எதுவும் இல்லை. மீனா அமர்ந்துவிட்டாலோ கண்ணனுக்கு இடம் ஒன்றே, விடை 24. சண்டை போட்டவர்கள், அடுத்தடுத்து அமரவே கூடாது என்றால், கண்ணனுக்கு 3 இடங்கள், விடை 72. கட்டும் வழியில் இதை 120 − 48 என்று சுற்றித்தான் பெற வேண்டும்.

மேசையில் இருவர் மட்டுமே என்றால் கட்டும் வழி ஏமாற்றியும்விடும். அது 0! × 2 = 2 என்கிறது; உண்மையில் ஒரே அமர்வுதான், ஏனென்றால் இரண்டே நாற்காலிகளில் இடப்பக்க நாற்காலியும் வலப்பக்க நாற்காலியும் ஒன்றே. மீனாவை அமர்த்திப் பார்த்தால் கண்ணனுக்கு ஒரே இடம் என்று கண்ணெதிரே தெரிகிறது.

ஆனால் ஆறு பேரில் மூவர் ஒரே கூட்டமாக அமர வேண்டும் என்றால் நான் கட்டும் வழிக்கே போவேன். நான்கு அலகுகளுக்கு 3! = 6, கூட்டத்துக்குள் 3! = 6, ஆக 36. கூட்டத்தில் ஒருவரை முதலில் அமர்த்தினால் அவர் நடுவிலா, ஓரத்திலா, எந்த ஓரம் என்று மூன்று நிலைகளைத் தனித்தனியே எண்ண வேண்டியிருக்கும். அப்படி எண்ணினாலும் 3 × 2 × 6 = 36 தான்.