கிளிநொச்சியில் அறுபதாயிரமா, விசுவமடுவில் நாற்பத்துநாலாயிரமா: இரண்டு நியமனக் கடிதங்களின் கணக்கு

விசுவமடுவில் இருக்கும் என் சித்தியின் மகளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு வேலைகள் கிடைத்தன. ஒன்று கிளிநொச்சி நகரில் உள்ள நிதி நிறுவனக் கிளையொன்றில் எழுதுவினைஞர் வேலை; மாதம் 60,000 ரூபா. மற்றது வீட்டிலிருந்து மூன்று கிலோமீற்றரில், பிரதான வீதியோரம் உள்ள விதை, உர விற்பனை நிலையமொன்றில் கணக்கு எழுதும் வேலை. மாதம் 44,000 ரூபா. அவளுக்கு முன்பள்ளிக்குப் போகும் மகன் ஒருவன் இருக்கிறான். கணவர் நெற்செய்கையும் கூலி உழவும் பார்க்கிறார். "அக்கா, பதினாறாயிரம் வித்தியாசம். இதை விடுறது புத்தியோ?" என்று கேட்டுக்கொண்டு இரண்டு கடிதங்களையும் கொண்டுவந்தாள். பல ஆண்டுகளாகச் சம்பளக் கணக்குப் பார்ப்பவள் என்பதால் உடனே பதில் சொல்லாமல், ஒரு கொப்பியை எடுத்து இருவருமாக எழுதிப் பார்த்தோம். கீழே உள்ள தொகைகள் அவளுடைய வீட்டுக்கும் வழிக்கும் உரியவை. வேறொருவருக்குத் தொகை மாறும், ஆனால் பார்க்கவேண்டிய இடங்கள் பெரும்பாலும் இவையாகவே இருக்கும்.

முதலில் கடிதங்களை உடைத்துப் பார்த்தோம். கிளிநொச்சிக் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் 45,000 ரூபாதான். மிகுதி 15,000 ரூபா வரவுக் கொடுப்பனவு, அதாவது ஒரு நாளும் தவறாமல் வேலைக்கு வந்தால் மட்டும் முழுமையாகக் கிடைக்கும் பணம். கடைக் கடிதத்தில் 44,000 ரூபாவும் அடிப்படைச் சம்பளமாகவே இருந்தது. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து 8 வீதம் கழிக்கப்படும்; வேலை கொடுப்பவர் அதற்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமும் தம் பணத்திலிருந்து செலுத்த வேண்டும். கிளிநொச்சியில் இந்தக் கழிவு அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் கணிக்கப்படும் என்று எழுதியிருந்ததால், வேலை கொடுப்பவரின் பங்கு அங்கே மாதம் 6,750 ரூபா, கடையில் 6,600 ரூபா. தலைப்புச் சம்பளத்தில் பதினாறாயிரம் வித்தியாசம் இருந்தும், முதுமைக்கென வேலை கொடுப்பவர் சேர்க்கும் பணத்தில் வித்தியாசம் வெறும் 150 ரூபாதான். எந்தக் கொடுப்பனவுகளைச் சேர்த்து இந்த நிதி கணிக்கப்படுகிறது என்று கையொப்பமிட முன்னரே கேட்க வேண்டும். வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவும் உணவுக் கொடுப்பனவும் சட்டப்படி கணக்கில் சேரும். மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது.

ஊழியரின் 8 வீதம் போக, கிளிநொச்சியில் கைக்கு வருவது 56,400 ரூபா, கடையில் 40,480 ரூபா. இங்கிருந்துதான் உண்மையான ஒப்பீடு தொடங்குகிறது.

பயணத்தைக் கணக்கிடும்போது பலரும் பேருந்துக் கட்டணத்தோடு நின்றுவிடுகிறார்கள். விசுவமடுவிலிருந்து தர்மபுரம், பரந்தன் வழியாகக் கிளிநொச்சி நகருக்கு இருபது கிலோமீற்றருக்கு மேல். ஒருவழிக்கு 110 ரூபா என்று வைத்தால், 24 வேலைநாட்களுக்கு 5,280 ரூபா. ஆனால் இவளுடைய வீடு பிரதான வீதியில் இல்லை. சந்தியிலிருந்து இரண்டரைக் கிலோமீற்றர் உள்ளே, குடியேற்றப் பகுதியில் இருக்கிறது. காலையில் கணவர் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விடலாம். மாலையில் அவர் வயலில் நிற்கும் நாட்களிலும், மழையில் ஒழுங்கை சேறாகிற நாட்களிலும் முச்சக்கரவண்டிதான் வழி. மாதத்தில் எட்டு நாட்களுக்கு 300 ரூபா வீதம் எழுதினோம்: 2,400 ரூபா. ஆக 7,680 ரூபா. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பருவச்சீட்டு எடுத்தால் குறையுமே என்றாள். குறையும்தான், ஆனால் அந்தச் சீட்டு சபைப் பேருந்தில் மட்டுமே செல்லும், நேரத்துக்கு முதலில் வருவது தனியார் பேருந்தென்றால் மறுபடியும் பணம் கொடுத்துத்தான் ஏற வேண்டும். தன் வழியில் எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு வருகிறது என்று ஒரு வாரம் சந்தியில் நின்று பார்க்காமல் இந்தச் சேமிப்பைக் கணக்கில் எழுதக்கூடாது.

இதற்குத் தீர்வாக லீசிங்கில் ஒரு ஸ்கூட்டி எடுக்கலாம் என்பது அவளுடைய கணவரின் யோசனை. போக வர 48 கிலோமீற்றருக்கு ஒரு நாளைக்கு ஒன்றேகால் லீற்றருக்குச் சற்றுக் குறைவாகப் பெற்றோல் போகும். லீற்றர் 300 ரூபா என்று வைத்தாலும் மாதம் ஏறத்தாழ 8,600 ரூபா பெற்றோலுக்கே ஆகிறது, தவணைப் பணம் அதற்கு மேல். நேரம் மிஞ்சும், பணம் மிஞ்சாது. அதை அத்தோடு விட்டோம்.

எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது பிள்ளைப் பராமரிப்புத்தான். மகனின் முன்பள்ளி காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்கு விடும். கிளிநொச்சி வேலைக்கு அவள் ஆறே முக்காலுக்கு வீட்டைவிட்டு இறங்கினால், திரும்பி வர மாலை ஆறே கால் ஆகும். முன்பள்ளி மூடுவதற்கும் தாய் வீடு வருவதற்கும் இடையில் ஏழு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவான இடைவெளி, காலையில் இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். சித்தி பார்ப்பா என்றுதான் முதலில் சொன்னாள். ஆனால் சித்தி காலையில் கச்சான் பிடுங்கவும் களை எடுக்கவும் அரைநாள் கூலிக்குப் போகிறவர். அதிகாலையிலிருந்து பேரனுக்காக நிற்பதென்றால் அந்தக் கூலி இல்லாமற்போகும். வீட்டுக்குள் ஒருவர் இலவசமாகப் பார்க்கிறார் என்று நாம் எழுதும் பூச்சியத்துக்குள் பல வேளைகளில் இன்னொரு பெண்ணின் இழந்த கூலி ஒளிந்திருக்கிறது. ஆகவே பக்கத்து வீட்டு அம்மாவிடம் விடுவதென்று வைத்து அவருக்கு 9,000 ரூபாவும், முன்பள்ளியிலிருந்து கூட்டிவரும் முச்சக்கரவண்டிக்கு 3,500 ரூபாவும் எழுதினோம். மொத்தம் 12,500 ரூபா. கடை வேலையென்றால் அவளே முன்பள்ளியில் விட்டுவிட்டுப் போகலாம். சித்தி நண்பகலில் கூலி முடிந்து வரும் வழியில் பேரனைக் கூட்டிவந்துவிடுவார். அதற்கும் மாதம் 3,000 ரூபா சித்தியின் கையில் கொடுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன், அவளும் ஒப்புக்கொண்டாள்.

உணவும் உடையும் சிறியவை போலத் தெரிந்தாலும் சேர்ந்தால் கனக்கின்றன. ஆறே முக்காலுக்கு இறங்குபவள் எல்லா நாளும் சமைத்துக் கட்டிக்கொண்டு போக முடியாது. பாதி நாட்களுக்கு 350 ரூபாச் சோற்றுப் பார்சலும், நாள்தோறும் தேநீருக்கும் வடைக்கும் 75 ரூபாவும் என்று வைத்தால் 6,000 ரூபா. கடையில் வீட்டுச் சாப்பாடே போதும், தேநீருக்கு 600 ரூபா எழுதினோம். நிதி நிறுவனத்தில் சேலை கட்டாயம். ஆறு சேலை, சட்டைத் தையற்கூலி, சப்பாத்து, கைப்பை எல்லாமாக 36,000 ரூபா. அதை ஒன்றரை ஆண்டுக்குப் பிரித்தால் மாதம் 2,000 ரூபா. இதில் கவனிக்க வேண்டியது, அந்த 36,000 ரூபாவின் பெரும்பகுதி முதற்சம்பளம் வருவதற்கு முன்னரே வேண்டும் என்பது. அடகு வைத்து அதைப் புரட்டினால் வட்டியையும் இந்த வரியிலேயே எழுத வேண்டும். கடைக்கு இருக்கும் உடுப்புகளே போதும், தேய்மானத்துக்கு 500 ரூபா. கடைக்குச் சைக்கிளிலேயே போய்வரலாம் என்பதால், பயணத்துக்கு அதன் பராமரிப்புச் செலவாக இன்னொரு 500 ரூபா.

| | கிளிநொச்சி | கடை |
|---|---|---|
| கைக்கு வருவது | 56,400 | 40,480 |
| பயணம் | 7,680 | 500 |
| பிள்ளைப் பராமரிப்பு | 12,500 | 3,000 |
| உணவு | 6,000 | 600 |
| உடை | 2,000 | 500 |
| மிஞ்சுவது | 28,220 | 35,880 |

மிஞ்சும் தொகையை, வேலையில் இருக்கும் மணித்தியாலத்தால் அல்லாமல், வீட்டுக் கதவைச் சாத்தியதிலிருந்து மீண்டும் திறக்கும் வரையான மணித்தியாலத்தால் பிரித்தோம். கிளிநொச்சிக்கு நாளொன்றுக்குப் பதினொன்றரை மணித்தியாலம், கடைக்கு எட்டு மணி நாற்பது நிமிடம். அப்படிப் பார்த்தால் முதலாவதில் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 102 ரூபாவும் இரண்டாவதில் 172 ரூபாவும் மிஞ்சுகின்றன. இதிலும் வரவுக் கொடுப்பனவு முழுதாகக் கிடைக்கும் என்றே வைத்திருக்கிறோம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலோ, கார்த்திகை, மார்கழி மழையில் வீதியை வெள்ளம் மூடினாலோ அந்தப் பணம் குறையும். வன்னியில் இதை நடக்கக்கூடிய ஒன்றாக அல்ல, ஆண்டுதோறும் நடக்கும் ஒன்றாகவே எழுத வேண்டும்.

இருந்தாலும் கடைக்குச் சாதகமாக மட்டும் கணக்கை முடித்தால் அது நேர்மையாகாது. 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள இடத்தில் ஐந்து ஆண்டுகள் வேலை செய்தவருக்கு, ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை வழங்க வேண்டும் என்று 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. கடையில் ஒன்பது பேர்தான் வேலை செய்கிறார்கள். ஆகவே நிதி நிறுவனத்தில் ஐந்து ஆண்டு தங்குபவருக்குக் கிடைக்கும் அந்தத் தொகை, மாதத்துக்கு ஏறத்தாழ 1,875 ரூபா, இங்கே சட்டப்படி உறுதியில்லை.

இன்னொன்று, இந்த அட்டவணை இன்றைக்கு மட்டும் உரியது. மகன் பாடசாலைக்குப் போகத் தொடங்கி வீடு வரும் நேரம் பிந்துமென்றால் பராமரிப்புச் செலவு 12,500 ரூபாவிலிருந்து 6,000 ரூபாவாகக் குறையலாம். நிதி நிறுவனம் நேர்முகத்தில் சொன்னபடி இரண்டு ஆண்டில் அடிப்படைச் சம்பளம் 55,000 ரூபாவாகவும் மொத்தம் 70,000 ரூபாவாகவும் உயருமென்றால், மற்றச் செலவுகள் மாறாதிருக்க, அங்கே மிஞ்சுவது 43,920 ரூபா. கடைச் சம்பளம் 47,000 ரூபாவானால் மிஞ்சுவது 38,640 ரூபா. மாத முடிவில் கிளிநொச்சி முந்திவிடுகிறது. மணித்தியாலக் கணக்கில் மட்டும் கடை இன்னும் முன்னே நிற்கிறது. ஆனால் அந்தச் சம்பள உயர்வு வாய்ச்சொல்லாக மட்டுமே இருந்தது, கடிதத்தில் ஒரு வரியும் இல்லை.

அவள் அதைத் தொலைபேசியில் கேட்டாள். உயர்வு கிளையின் வருடாந்த இலக்கைப் பொறுத்தது என்று பதில் வந்தது. கடை உரிமையாளரிடம், பணிக்கொடைக்கு ஈடாக ஐந்து ஆண்டு முடிவில் ஒரு தொகை தருவதாகக் கடிதத்தில் சேர்க்க முடியுமா என்று கேட்டாள். ஆண்டுக்கு அரைமாதச் சம்பளம் தர அவர் உடன்படவில்லை, 10,000 ரூபா வீதம் எழுதித் தந்தார். அடுத்த திங்கட்கிழமை அவள் சைக்கிளில் கடைக்குப் போனாள். கொப்பியின் அந்தப் பக்கத்தில், மகன் முதலாம் ஆண்டில் சேரும் தை மாதத்தைக் குறித்து, "திரும்பக் கணக்குப் பார்க்க" என்று எழுதி வைத்திருக்கிறாள்.